ரீட்: கட்டட வாடகை உங்கள் கணக்குக்கு வந்து சேரும் வழி

ரீட் யூனிட் வாங்கப் போகிற புதியவர் கண்ணில் முதலில் படுவது 'ஆண்டுக்கு இத்தனை சதவீதம்' என்கிற எண்தான். அந்த எண் எப்படி உருவானது என்று தெரியாமல் அதை மட்டும் நம்பி வாங்கினால், ஒரு நாள் அது குறையும்போது ஏன் குறைந்தது என்றும் தெரியாது. அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைச் செய்யலாம். மூன்று மாத வாடகையை எடுத்துக்கொண்டு, வாடகைதாரர் கையிலிருந்து கிளம்பி யூனிட்காரரின் வங்கிக் கணக்கில் விழும் வரை அதன் பின்னாலேயே போவோம். வழியில் யார் யார் எடுத்துக்கொள்கிறார்கள், கடைசியில் வருவது உண்மையிலேயே வாடகைதானா என்று பார்ப்போம்.

படி 1: பணம் எங்கே சேர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரீட் என்பது யூனிட் என்ற பங்குகளை விற்றுப் பலரிடம் பணம் திரட்டி, வாடகை வரும் கட்டடங்களை வாங்கி வைத்திருக்கும் அமைப்பு. அலுவலக வளாகம், வணிக வளாகம், கிடங்கு, மருத்துவமனைக் கட்டடம் என்று எதுவாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 1960-இல் இதற்கான சட்டம் வந்தது. இந்தியாவில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2014-இல் விதிகளைக் கொண்டுவந்தது. முதல் ரீட் பங்குச் சந்தையில் பட்டியலானது 2019-இல்தான். சட்டம் நாட்டுக்கு நாடு மாறினாலும் அடிப்படைப் பேரம் ஒன்றுதான். வருமானத்தின் பெரும்பகுதியை யூனிட்காரர்களுக்குக் கொடுத்துவிடு, அப்படிக் கொடுத்த பணத்துக்கு உன் மட்டத்தில் வரி கேட்கமாட்டோம் என்கிறது அரசு.

பெரும்பாலான ரீட்டுகள் கட்டடங்களைத் தங்கள் பெயரில் நேரடியாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அல்லது வளாகத்துக்கும் ஒரு துணை நிறுவனம் இருக்கும். வாடகை முதலில் அதன் வங்கிக் கணக்குக்கு வரும். அங்கிருந்து, ரீட் அதற்குக் கொடுத்த கடனுக்கு வட்டியாகவோ, டிவிடெண்டாகவோ, அந்தக் கடனின் திருப்பமாகவோ மேலே ரீட்டுக்குப் போகும். பணம் எந்தப் பெயரில் மேலே போனது என்பது பிறகு உங்கள் வரிக் கணக்கில் முக்கியமாகும்; இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

படி 2: வாடகையிலிருந்து கழிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு ரீட்டிடம் மூன்று அலுவலகக் கட்டடங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் எல்லாம் லட்சத்தில், ஒரு காலாண்டுக்கு. எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தளங்களும் நிரம்பியிருந்தால் 1,100 வரவேண்டும். சில தளங்கள் காலியாக இருப்பதால் கைக்கு வந்தது 1,000. இதிலிருந்து கழிவுகள் வரிசையாக வரும்.

சொத்து வரி, காப்பீடு, லிஃப்ட், காவல், பொது மின்சாரம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 180. மீதி 820. இதைத்தான் நிகர இயக்க வருமானம் என்பார்கள். கட்டடம் எவ்வளவு நன்றாகச் சம்பாதிக்கிறது என்று காட்டும் எண் இதுதான். கடன் எவ்வளவு வாங்கினார்கள் என்பது இன்னும் இதற்குள் நுழையவில்லை.

அடுத்து வங்கிக் கடனுக்கு வட்டி 220. மீதி 600.

பிறகு மேலாளர் கட்டணம், டிரஸ்டி கட்டணம், தணிக்கைச் செலவு 60. மீதி 540.

கடைசியாக ஒன்று இருக்கிறது, புதியவர்கள் இதைத் தவறவிடுவார்கள். ஒரு வாடகைதாரர் காலி செய்துவிட்டுப் போனால் தளத்தைத் திருத்தி அமைக்க வேண்டும், புது ஆளைப் பிடித்துக் கொடுத்தவருக்குத் தரகு கொடுக்க வேண்டும், பழைய ஏசி எந்திரங்களை மாற்ற வேண்டும். இதெல்லாம் ஒவ்வொரு காலாண்டும் வராது, ஆனால் வந்தே தீரும். அதற்கு 50 ஒதுக்கினால் மீதி 490. இதுதான் பங்கிட்டுக் கொடுக்கக்கூடிய பணம்.

நம் ரீட் இதில் 480-ஐக் கொடுத்துவிட்டு 10-ஐக் கையில் வைத்துக்கொள்கிறது. மொத்தம் 240 லட்சம் யூனிட். ஆக யூனிட் ஒன்றுக்கு 2. உங்களிடம் 50 யூனிட் இருந்தால் இந்தக் காலாண்டில் உங்களுக்கு 100. ஆண்டு முழுவதும் இதே நிலை நீடித்தால் யூனிட்டுக்கு 8. நீங்கள் யூனிட்டை 125-க்கு வாங்கியிருந்தால் அது 6.4 சதவீதம்.

இப்போது ஒரு சோதனை. காலாண்டுக்கு 150 கட்டிவந்த ஒரு பெரிய வாடகைதாரர் வெளியேறிவிட்டார். வாடகை 15 சதவீதம்தான் குறைந்தது. ஆனால் காவல், காப்பீடு, வட்டி எதுவும் அவரோடு சேர்ந்து வெளியேறாது. செலவுகள் அப்படியே இருந்தால் 490 என்பது 340 ஆகிவிடும். அதாவது பங்கிடும் பணம் 31 சதவீதம் குறைகிறது. வாடகையில் விழும் சின்ன அடி யூனிட்காரரிடம் வரும்போது இரண்டு மடங்காவது இப்படித்தான். கடன் கூடுதலாக இருக்கும் ரீட்டில் இந்த மடங்கு இன்னும் பெரிதாகும்.

படி 3: லாபத்தைப் பார்க்காதீர்கள், பணத்தைப் பாருங்கள்

அதே காலாண்டின் லாப நட்டக் கணக்கைத் திறந்தால் நிகர லாபம் 280 என்று இருக்கும். லாபமே 280 என்றால் 480 எப்படிக் கொடுத்தார்கள்? மூலதனத்தைத் தின்கிறார்களா? புதியவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இது, சரியான கேள்வியும்கூட.

பதில் தேய்மானத்தில் இருக்கிறது. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு பழசாகிறது என்று கணக்கில் ஒரு தொகையைச் செலவாக எழுதுவார்கள். நம் ரீட்டில் அது காலாண்டுக்கு 260. நாம் மேலே பார்த்த 540-இல் இந்த 260-ஐக் கழித்தால் 280 வரும். ஆனால் இந்த 260 யாருக்கும் கொடுக்கப்படவில்லை, வங்கியிலேயே இருக்கிறது. அதனால்தான் ரீட் துறையில் நிகர லாபத்தோடு தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். நம் கணக்கில் அது 540. அதிலிருந்து மராமத்து, தரகு போன்ற உண்மையான செலவுக்கான 50-ஐக் கழித்தால் 490. யூனிட்காரர்களுக்குக் கொடுக்கும் பட்டுவாடாவை நீங்கள் ஒப்பிட வேண்டியது இந்தக் கடைசி எண்ணோடுதான்.

480-ஐ 490-ஆல் வகுத்தால் 98 சதவீதம். இது 100-க்குள் இருக்கும் வரை வருவதைக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். தொடர்ந்து சில காலாண்டுகள் 100-ஐத் தாண்டினால், கடனிலிருந்தோ சொத்து விற்ற பணத்திலிருந்தோ கையிருப்பிலிருந்தோ கொடுக்கிறார்கள். அறிக்கையில் எந்த வரியிலிருந்து அந்தக் கூடுதல் வந்தது என்று தேடிக் கண்டுபிடியுங்கள்.

இங்கேயே '90 சதவீதம்' என்ற விதியையும் பார்த்துவிடலாம். ரீட் தன் வருமானத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று எல்லா விளக்கங்களும் சொல்லும். எந்த வருமானத்தில் 90 என்பதைப் பலர் சொல்வதில்லை. அமெரிக்காவில் அது வரிக்குரிய வருமானத்தில் 90 சதவீதம், அதாவது தேய்மானம் கழித்த பிறகு. நம் ரீட்டின் 280-ஐயே வரிக்குரிய வருமானம் என்று எடுத்துக்கொண்டால் 252 கொடுத்தாலே சட்டம் திருப்தி அடைந்துவிடும். இந்தியாவிலோ பங்கிடத்தக்க நிகரப் பணத்தில் 90 சதவீதம். நம் 490-ஐ அப்படி எடுத்துக்கொண்டால் குறைந்தது 441 கொடுக்க வேண்டும். ஒரே 90, ஆனால் இரண்டு தொகைக்கும் இடையே பெரிய தூரம். சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் உங்கள் நாட்டு விதி எதன் மேல் 90 சொல்கிறது என்று முதலில் பாருங்கள். எப்படி இருந்தாலும், வருகிற பணத்தில்தான் 90. பணமே குறைந்தால் 90 சதவீதமும் அதோடு சேர்ந்து குறையும். இத்தனை தருவோம் என்ற உறுதி எங்கும் கிடையாது.

படி 4: தேதிகளை ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள்

காலாண்டு முடிந்ததும் கணக்கை முடித்து, யூனிட்டுக்கு 2 என்று அறிவிப்பார்கள். கூடவே ஒரு பதிவுத் தேதி வரும். அன்றைக்கு யார் பெயரில் யூனிட் இருக்கிறதோ அவருக்கே பணம். வாங்கிய யூனிட் மறுநாளே கணக்கில் சேரும் சந்தைகளில் பதிவுத் தேதிக்கு முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு சில நாட்களில் டிமேட் கணக்கோடு இணைத்த வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் வந்துவிடும். நீங்கள் எதையும் விண்ணப்பிக்கத் தேவையில்லை.

பதிவுத் தேதிக்கு முதல் நாள் வாங்கி, உரிமையைப் பெற்றுக்கொண்டு உடனே விற்றுவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். உரிமை முடிந்த நாளில் யூனிட் விலை ஏறக்குறைய அதே 2 இறங்கித்தான் வர்த்தகம் தொடங்கும். அப்புறம் வரியும் தரகும் மிச்சம்.

படி 5: வந்த பணத்தைப் பிரித்துப் பாருங்கள்

உங்கள் 50 யூனிட்டுக்கு 100 வந்திருக்கிறது. இது ஒரே ரகப் பணம் அல்ல. ரீட் அனுப்பும் பட்டுவாடாச் சீட்டில் வட்டி இவ்வளவு, டிவிடெண்ட் இவ்வளவு, மூலதனத் திருப்பம் அல்லது கடன் திருப்பம் இவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். முதல் படியில் சொன்ன துணை நிறுவனத்திலிருந்து பணம் எந்தப் பெயரில் மேலே வந்ததோ, அந்தப் பெயர்தான் இந்தியாவில் சீட்டில் தெரியும். ஒவ்வொன்றுக்கும் வரி வேறு.

அமெரிக்க முறையில் நம் உதாரணத்தைப் பொருத்திப் பாருங்கள். லாபம் 280, கொடுத்தது 480. லாபத்தைத் தாண்டிய 200 மூலதனத் திருப்பமாகக் கருதப்படும். யூனிட் கணக்கில் 2-இல் 1.17 வருமானம், 0.83 மூலதனத் திருப்பம். இந்த 0.83-க்கு இப்போது வரி இல்லை. பதிலாக உங்கள் வாங்கிய விலை 125-லிருந்து 124.17 ஆகக் குறைத்து எழுதப்படும். ஓராண்டு இதே போல நடந்தால் 121.67. பிறகு 125-க்கே விற்றாலும் 3.33 லாபம் வந்ததாகக் கணக்கு. வரி போகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. இதைத் தெரியாமல் வாங்கிய விலைக்கே விற்றேன், லாபமே இல்லை என்று வரிக் கணக்குக் காட்டுபவர்களுக்குப் பிறகு சிக்கல் வரும். சீட்டுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். விற்கும் ஆண்டில்தான் அவற்றின் அருமை தெரியும்.

மூலதனத் திருப்பம் என்ற சொல்லைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். நாம் பார்த்த உதாரணத்தில் அது தேய்மானத்தால் வந்தது. அதற்குப் பின்னால் உண்மையான வாடகை இருக்கிறது. பட்டுவாடா படி 3-இல் சொன்ன 490-ஐத் தாண்டும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

படி 6: வாடகை மாதிரித் தெரியும் வேறு பணத்தைக் கண்டுபிடியுங்கள்

சில சமயம் பட்டுவாடா நன்றாக இருக்கும், 100 சதவீதத்துக்குள்ளும் இருக்கும், ஆனால் அடியில் வாடகை அவ்வளவு இருக்காது. நான் எந்த ரீட் அறிக்கையைத் திறந்தாலும் மூன்று இடங்களைத் தேடிப் போவேன்.

முதலாவது, ஸ்பான்சர் தரும் வாடகை ஈடு. கட்டடத்தை ரீட்டுக்கு விற்றவரே, காலியாக இருக்கும் தளங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வாடகையை ஈடுகட்டுவதாக ஒப்புக்கொள்வது உண்டு. அந்தத் தொகை வருமானத்தில் சேர்ந்து வரும். ஆனால் அந்த ஈட்டையும் மனதில் வைத்துத்தான் கட்டடத்தின் விலையைப் பேசியிருப்பார்கள். ஒப்பந்தம் முடியும் தேதிக்குள் உண்மையான வாடகைதாரர் வரவில்லை என்றால் பட்டுவாடா ஒரே காலாண்டில் சரியும்.

இரண்டாவது, யூனிட்டாக வாங்கிக்கொள்ளும் மேலாளர் கட்டணம். சிங்கப்பூர் ரீட்டுகளில் இந்தப் பழக்கம் பரவலாக உண்டு. நம் ரீட்டில் அந்த 60-ஐயும் மேலாளர் கட்டணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதைப் பணமாக வாங்காமல் யூனிட்டாக வாங்கினால் இந்தக் காலாண்டில் பங்கிட 60 கூடுதலாக இருக்கும். ஆனால் 125 விலையில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் புது யூனிட்டுகள் உருவாகும். அதே வாடகையை அடுத்த ஆண்டு 240 லட்சத்துக்குப் பதிலாக 242 லட்சம் யூனிட்டுகளுக்குப் பங்கிட வேண்டும். தவறான செயல் அல்ல, மேலாளரின் நலனும் யூனிட் விலையோடு கட்டப்படுகிறது என்ற நல்ல பக்கமும் உண்டு. ஆனால் பணமாகக் கொடுக்கும் ரீட்டோடு இதன் சதவீதத்தை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

மூன்றாவது, வாடகையில்லாக் காலம். ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆறு மாதம் வாடகை வேண்டாம் என்று சலுகை கொடுத்திருப்பார்கள். கணக்கு விதிப்படி மொத்த வாடகையை அறுபது மாதங்களுக்கும் சமமாகப் பரப்பி எழுதுவார்கள். அதனால் பணம் வராத மாதத்திலும் வருமானம் எழுதப்படும். தளம் 'குத்தகைக்கு விடப்பட்டது' என்ற பட்டியலிலும் ஏறிவிடும். குத்தகை சதவீதம் வேறு, வாடகை வரும் சதவீதம் வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும் ரீட்டை நான் கூடுதலாக நம்புவேன். கணக்கு வருமானத்தை விட, பணப் புழக்க அறிக்கையில் இயக்கத்திலிருந்து வந்த பணம் தொடர்ந்து குறைவாக இருக்கிறதா என்று பார்த்தாலும் இது பிடிபடும்.

படி 7: கடன் எப்போது முதிர்கிறது என்று பாருங்கள்

வாடகை ஒழுங்காக வந்தும் பட்டுவாடா நின்றுபோக முடியும். இதற்கு எடுப்பான உதாரணம் அமெரிக்காவின் ஜெனரல் குரோத் பிராபர்ட்டீஸ். 200-க்கும் அதிகமான வணிக வளாகங்களை வைத்திருந்த ரீட் அது. அந்த வளாகங்களில் கடைகள் இயங்கின, வாடகை வந்துகொண்டிருந்தது. ஆனால் சுமார் 2,700 கோடி டாலர் கடன் இருந்தது. ஒரு கடன் முதிரும்போது இன்னொரு கடன் வாங்கி அடைப்பதுதான் துறையின் வழக்கம். 2008-இல் கடன் சந்தை உறைந்துபோனதும் புதிதாகக் கொடுக்க ஆள் இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில் பட்டுவாடாவை நிறுத்தினார்கள். 2009 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனார்கள். கடன்களின் காலத்தை நீட்டித்துக்கொண்டு 2010 நவம்பரில்தான் வெளியே வந்தார்கள்.

ரீட்டுகளுக்கு இந்த அபாயம் ஏன் கூடுதல் என்றால், வருவதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவதால் அசலை அடைக்கக் கையில் சேமிப்பு இருக்காது. நம் ரீட்டையே பாருங்கள். காலாண்டுக்கு 10 வைத்துக்கொள்கிறது. கடனோ 11,000. கட்டடங்களின் மதிப்பு 41,000 என்றால் கடன் 27 சதவீதம்தான், பயமுறுத்தும் அளவு இல்லை. இப்போது ஆண்டு வட்டி 8 சதவீதம், அதுதான் நாம் கழித்த 220. முழுக் கடனும் அடுத்த ஆண்டு முதிர்ந்து, புதுக் கடன் 10 சதவீதத்துக்குக் கிடைத்தால் காலாண்டு வட்டி 275. பங்கிடும் பணத்தில் 55 போய்விடும். மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் யூனிட்டுக்கு 2 என்பது 1.77 ஆகும். ஒரு வாடகைதாரரும் காலி செய்யவில்லை, ஆனால் உங்கள் வருமானம் 11 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

ஆகவே ஆண்டறிக்கையில் கடன் முதிர்வு அட்டவணையைத் தேடுங்கள். எந்த ஆண்டில் எவ்வளவு கடன் முதிர்கிறது என்று ஆண்டுவாரியாக இருக்கும். ஒரே ஆண்டில் பாதிக்கு மேல் குவிந்திருந்தால் எனக்கு அது பிடிக்காது, அந்த ரீட்டின் சதவீதம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் சரி. பக்கத்திலேயே நிலையான வட்டி எவ்வளவு, மாறும் வட்டி எவ்வளவு என்றும் இருக்கும். கடன் விகிதத்துக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. இந்தியாவில் சொத்து மதிப்பில் 49 சதவீதம், சிங்கப்பூரில் 50 சதவீதம். வரம்புக்கு மிக அருகில் இருக்கும் ரீட், கட்டட மதிப்பு கொஞ்சம் இறங்கினாலே புது யூனிட் வெளியிட்டோ கட்டடத்தை விற்றோ விகிதத்தைச் சரிசெய்ய வேண்டிய நிலைக்கு வரும். விலை இறங்கிய நேரத்தில் அந்த இரண்டுமே ஏற்கெனவே யூனிட் வைத்திருப்பவர்களின் பங்கின் மதிப்பைக் கரைத்துவிடும்.

இதே அறிக்கையில் இதன் பக்கத்துப் பக்கங்களில் குத்தகை முடிவு அட்டவணையும் கிடைக்கும். எந்த ஆண்டில் எத்தனை சதவீத வாடகை ஒப்பந்தங்கள் முடிகின்றன என்று அது சொல்லும். இரண்டு அட்டவணைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பெரிய குத்தகைகள் முடியும் ஆண்டும் பெரிய கடன் முதிரும் ஆண்டும் ஒன்றாக வந்தால், அந்த ஆண்டு கடன் கொடுப்பவர்கள் காலித் தளங்களைக் காட்டித்தான் வட்டி பேசுவார்கள். யூனிட் வாங்குவதற்கு முன்பே மேலாளரின் காலாண்டுக் கூட்டப் பதிவில் இதைப் பற்றி யாராவது கேட்டிருக்கிறார்களா, என்ன பதில் வந்தது என்று தேடிப் படித்துவிடுங்கள்.